மேற்குக் காற்றும் ஐந்து வரிகளும்

ஆனி பிறந்தால் ஜேடர்பாளையத்தில் காற்று மேற்கேயிருந்து வரத் தொடங்கிவிடும். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து, கோவையையும் ஈரோட்டையும் கடந்து, காவிரி மேல் ஏறி வருகிற காற்று. கரையோரத் தென்னைகள் நாள் முழுக்கக் கிழக்கே சாய்ந்து ஆடும். வாழை வைத்தவர்கள் முட்டுக் கொடுக்க ஓடுவார்கள். மண்பாண்டம் செய்கிறவருக்கு அந்தக் காற்றோடு உள்ள வழக்கு வேறு. ஈரப் பானையின் மேற்குப் பக்கம் காலையிலேயே வெளுத்துவிடும். கிழக்குப் பக்கம் மாலை வரை கருத்தே இருக்கும். காய்ந்த பக்கம் சுருங்கப் பார்க்கும், காயாத பக்கம் இடம் கொடுக்காது. அந்த இழுபறியில் வாயோரத்தில் மயிரிழை போல ஒரு கீறல் விழும். சூளைக்குள் போன பிறகுதான் அது வாயைத் திறக்கும்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது ஒரு சின்ன வீடியோவுக்காக அங்கே போய் உட்கார்ந்திருந்த நாட்களில். ராஜவாய்க்கால் பாசனத்தை ஒட்டிய ஒரு சாளை. முன்னால் மண் குவியல், பின்னால் சூளை. பெரியவர் முளைப்பாரிச் சட்டிகளுக்கான வேலையில் இருந்தார். அவருடைய பேத்தி பள்ளிக்கூடம் போகிற பெண். “அப்பாரு மண்ணு மிதிக்கிறதுல இருந்து சூளை பிரிக்கிற வரைக்கும் எடுத்துத் தாங்கண்ணா. பின்னாடி யாரும் பேச வேண்டாம். எழுத்து மட்டும், அதுவும் கொஞ்சமாப் போட்டாப் போதும்” என்றாள். எத்தனை வரி என்று கேட்டேன். யோசித்துவிட்டு “அஞ்சு” என்றாள். அந்த ஐந்தைச் சுற்றியே அதற்குப் பிறகு என் மனம் ஓடிக்கொண்டிருந்தது.

டைம்லாப்ஸ் என்பது கேமராவை அசையாமல் நிறுத்தி, குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு படமாக எடுத்து, பிறகு நொடிக்கு 25 படம் வீதம் ஓட்டுவது. இடைவெளியை எவ்வளவு வைப்பது என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. சக்கரத்தில் ஒரு சட்டி எழும்ப நான்கு நிமிடம் என்றால், நொடிக்கு ஒரு படம் எடுத்தால் 240 படம்; திரையில் பத்து நொடிக்குள் முடிந்துவிடும். நிழலில் இரண்டு நாள் உலர்வதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்தால் 576 படம். இருபத்து மூன்று நொடி. நான்கு நிமிட வேலைக்குப் பத்து நொடி, இரண்டு நாள் காத்திருப்புக்கு இருபத்து மூன்று நொடி. பார்க்கிறவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே படும். டைம்லாப்ஸ் காலத்தைக் காட்டுகிறது என்பார்கள். அது காலத்தை விழுங்கவும் செய்கிறது. எந்தக் காட்சி எத்தனை நாளை விழுங்கியிருக்கிறது என்பதைப் படம் தானாகச் சொல்லாது. அதைச் சொல்வதுதான் எழுத்தின் முதல் வேலை என்று எனக்குப் பட்டது.

உலரும் காட்சியை முதலில் ஓட்டிப் பார்த்தபோது கண் நம்பவில்லை. சட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு காரை பெயர்ந்த தடம் இருந்தது. முதல் படத்தில் சட்டியின் விளிம்பு அந்தத் தடத்தை மறைத்துக்கொண்டு நின்றது. கடைசிப் படத்தில் தடம் முழுதாக வெளியே தெரிந்தது. களிமண் உலரும்போது அதன் துகள்களுக்கு நடுவே இருந்த தண்ணீர் வெளியேற, துகள்கள் நெருங்கி வந்து உட்காரும். மண்ணைப் பொறுத்து நூற்றுக்கு ஐந்திலிருந்து எட்டுப் பங்கு வரை அளவு குறையும். முப்பது சென்டிமீட்டர் வாயுள்ள சட்டி ஆறு பங்கு குறைந்தால் இருபத்தெட்டுக்குச் சற்று மேலே நிற்கும். பெரியவருக்கு இது கையில் ஊறிய கணக்கு. மூடி வனையும்போதே, சட்டியும் மூடியும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது அளந்துவிடுவார்; ஒன்று காய்ந்த பிறகு மற்றதை அளந்தால் பொருந்தாது. ஆனால் சட்டி ஒடுங்குவதை அசைவாக அவரும் அதற்கு முன் பார்த்ததில்லை. கைப்பேசியை வாங்கி மறுபடி மறுபடி ஓட்டினார். “மூச்சை உள்ள இழுக்குற மாதிரி இருக்குதுங்க” என்றார்.

அப்போது எனக்குப் பால்கேயின் நினைவு வந்தது. தாதாசாகேப் பால்கே 1912-இல் லண்டன் போய் வில்லியம்சன் கேமரா ஒன்றை வாங்கி வந்தார். ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுக்கப் பணம் இல்லை. சினிமாவை நம்பிக் கடன் கொடுக்க யாருக்கும் துணிவும் இல்லை. அவர் ஒரு தொட்டியில் பட்டாணியை ஊன்றி, அதன் முன் கேமராவை நிறுத்தி, ஒரு மாதத்துக்கும் மேலாக அது முளைத்துக் கொடியாவதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார். ஒரு செடி வளர்கிற சின்னஞ்சிறு மௌனப் படம் அது. அதைத் தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டித்தான் கடன் திரட்டினார். 1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ திரைக்கு வந்தது. இந்தியாவில் கதைப்படம் பிறப்பதற்கு முன்னால் ஒரு டைம்லாப்ஸ் இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஜேடர்பாளையத்தில் உட்கார்ந்து நினைத்தபோது கூடுதலாக ஒன்று தோன்றியது. பெரியவர் வனைந்துகொண்டிருந்த சட்டிகளிலும் விதைதான் முளைக்கப் போகிறது. ஆடிப் பதினெட்டுக்கு ஒன்பது பத்து நாள் முன்னால் பெண்கள் அதில் எருவும் மண்ணும் இட்டு நவதானியத்தை விதைத்து, வெயில் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். வெளிச்சம் காணாத முளை வெளிறிய மஞ்சளாக, உயரமாக எழும். அன்றைக்குத் தலையில் சுமந்து வந்து காவிரியில் விடுவார்கள். பால்கேயின் பட்டாணி கேமராவுக்கு எதிரே வளர்ந்தது. இது யார் கண்ணிலும் படாமல் வளர வேண்டியது.

மௌனப் படத்தை நினைத்தால் அதன் அட்டைகளும் கூடவே வரும். காட்சிக்கு இடையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. 1910-களின் கடைசியில் ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அதில் ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்றிலும் அட்டைகள் இருந்தன. அட்டையைப் படிக்கத் தெரிந்தவர்கள் கொட்டகையில் குறைவு. அதனால் திரைக்குப் பக்கத்தில் நின்று உரக்கப் படித்துக் கதை சொல்ல ஓர் ஆள் இருந்தார். எழுத்து திரையில் இருந்தாலும் கூட்டத்துக்கு அது காதின் வழியேதான் போய்ச் சேர்ந்தது.

இதை நான் வரலாறாக மட்டும் வைத்திருந்தேன். சாளைத் திண்ணையில் முதல் தொகுப்பைப் போட்டுக் காட்டியபோது அது எதிரே வந்து உட்கார்ந்தது. பெரியவரின் மனைவிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. திரையில் வரி தோன்றியதும் அவர் பேத்தியைப் பார்த்தார், அவள் படித்தாள். என் வரி நீளமாக இருந்தது. அவள் படித்து முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் வைத்தேன். மூன்று நொடிக்குள் நிதானமாகச் சொல்ல முடிகிறதா, முடிந்த பிறகு காட்சியைப் பார்க்க இரண்டு நொடியாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். அசைகிற படத்தின் மேல் எழுத்தைப் போட்டால் கண் அசைவின் பின்னால் ஓடும். டைம்லாப்ஸில் எல்லாமே அசைகிறது, நிழல்கூட. அதனால் வரி வரும் இடத்தில் படத்தை நிறுத்திவைத்தோம். எழுத்தை அடியில் போடவில்லை; கைப்பேசியில் அந்த இடத்தை வேறு பொத்தான்கள் மறைத்துக்கொள்ளும். சட்டிக்கு மேலே, இருண்ட சுவர் மேல் வைத்தோம். இன்னொன்றும் உண்டு. சில தொகுப்பு மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடையும். ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகப் பிரிந்து நிற்கும். அதைக் கவனிக்காமல் வெளியிட்ட படங்களைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கும். வேறு எழுத்துரு மாற்றிப் பார்த்து, அதற்கும் அசையாவிட்டால் வரியைத் தனிப் படமாகச் செய்து மேலே ஒட்டிவிடலாம்.

முதல் வரி எளிதாக வந்தது. ‘ஏரி மண். மிதித்தது நேற்று.’ பெரியவர் சக்கரத்தின் நடுவில் மண்ணை அறைந்து வைக்கிற இடத்தில் அது நிற்கிறது. மண் எங்கிருந்து வந்தது, சக்கரத்துக்கு முன்னால் ஒரு நாள் இருக்கிறது என்ற இரண்டையும் கேமரா காட்ட முடியாது. ‘குயவர் பானை செய்கிறார்’ போன்ற வரிகளை நான் சேர்க்கவே இல்லை. கண்ணுக்குத் தெரிவதை எழுத்தால் மறுபடி சொன்னால் பார்க்கிறவர் இரண்டையும் நம்பாமல் போவார்.

சக்கரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் சக்கரக் காட்சியைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அது டைம்லாப்ஸுக்கு ஏற்றதில்லை என்றே தோன்றுகிறது. நொடிக்கு ஒரு படம் எடுத்தால் சக்கரம் சுற்றுவதே தெரியாது. மண் நடுவில் சரியாக நின்றிருந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே உருவம்தான் என்பதால், சட்டி சுற்றாமல் நின்ற இடத்திலேயே தானாக எழும்புவது போலத் தெரியும். நடு தவறியிருந்தால் விளிம்பு படத்துக்குப் படம் இடம் மாறி நடுங்கும். பெரியவரின் சட்டிகள் நடுங்கவில்லை. அவருடைய பேரன் பழகிப் பார்த்ததையும் எடுத்தோம். அது திரையில் குளிர் கண்டதுபோல உதறியது. நேரில் பார்த்தபோது அந்தக் கோணல் எனக்குத் தெரியவே இல்லை. கற்றுக்கொள்கிறவருக்கு இது நல்ல கண்ணாடி. ஆனால் பார்க்கிறவருக்குக் கையின் அழுத்தம் போய்விடுகிறது. மண் விரலுக்கு எப்படி வழிவிடுகிறது என்பதே போய்விடுகிறது. அதனால் ஆரம்பத்தில் சில நொடிகளை இயல்பான வேகத்திலேயே விட்டு, கை எங்கே இருக்கிறது என்று கண் பழகிய பிறகு ஓட விட்டோம்.

தட்டும் காட்சியை ஓட விடவே இல்லை. நம் ஊர்ப் பானை சக்கரத்திலேயே முடிந்துவிடுவதில்லை. சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுக்கும்போது வாயும் கழுத்தும் முடிந்திருக்கும். உடம்பு தடியாக, அடி திறந்தோ தடித்தோ இருக்கும். அது கொஞ்சம் இறுகி, விரல் பதியாமல் ஆனால் அழுத்தினால் வளைகிற பக்குவத்துக்கு வந்ததும், உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி, உடம்பை மெலிதாக்கி உருட்சி கொண்டுவருவார்கள். அடுப்பில் ஏறுகிற பானை வெடிக்காமல் இருப்பதற்கு இந்தத் தட்டு பெரிய காரணம். சுவர் எங்கும் ஒரே பருமனாகவும் மண் நெருக்கமாகவும் ஆகிவிடுகிறது. இதை டைம்லாப்ஸில் எடுத்தால் பலகை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோரிடத்தில் நிற்கும், தட்டு இருக்காது. முக்கியமாக, ஓசை இருக்காது. பெரியவர் கண்ணால் பார்த்துப் பருமனை அறிவதில்லை. “சத்தம் மாறுனா நிறுத்தீரோணும் கண்ணு” என்றார். தடியான இடத்தில் மந்தமாகக் கேட்கிறது, மெலியமெலிய மேலே ஏறுகிறது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் குரலிலேயே வைத்தோம். படத்தில் பேச்சு என்று இருப்பது அவ்வளவுதான். அங்கே எழுத்தும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. படம் முழுவதற்கும் இசை போட்டிருந்தால் அந்த ஓசை ஏறுவது யாருக்கும் கேட்டிருக்காது.

இரண்டாவது வரி ‘இனி இரண்டு நாள் நிழல்.’ உலரும் காட்சியின் தொடக்கத்தில் வருகிறது. காட்சிக்கு முன்னாலேயே காலத்தைச் சொல்லிவிட்டால் பார்க்கிறவர் அந்த இருபத்து மூன்று நொடியையும் இரண்டு நாளாகப் பார்க்கிறார். முடிந்த பிறகு சொன்னால் தகவலாக நின்றுவிடுகிறது. இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினேன். முன்னால் வைத்தபோதுதான் திண்ணையில் இருந்தவர்கள் நிழல் சுவரில் நகர்வதையும் சட்டி ஒடுங்குவதையும் கவனித்தார்கள்.

சூளைக்கு ‘இரவு முழுக்க’ என்ற வரி. முதலில் மூட்டம். பனைமட்டையும் தென்னஞ் சருகும் போட்டுப் புகையாகவே பல மணி நேரம். சட்டி வெளியில் காய்ந்துவிட்டாலும் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கும். நூறு பாகையைத் தாண்டும்போது அது ஆவியாகி வழி தேடும். அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் வழி கிடைக்காமல் சட்டியை உடைத்துக்கொண்டு வரும். சூளைக்குள் ‘டப்’பென்று கேட்டால் ஒரு சட்டி போயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் பெருந்தீ. எழுநூறு, எண்ணூறு பாகைக்கு ஏறும்போது இடுக்கின் வழியே சட்டிகள் மங்கிய செந்நிறமாய்த் தெரியும். இங்கே வெப்பமானி கிடையாது. அந்த நிறம்தான் அளவு. ஆகவே கேமராவின் வெளிச்ச அளவையும் நிறச் சமனையும் தானியங்கியாக விட்டால் பொய் சொல்லும். இருட்டில் அது வெளிச்சத்தைக் கூட்டிச் செந்நிறத்தை மஞ்சளாக்கிவிடும். புகை குறுக்கே போகும்போதெல்லாம் படம் மினுங்கும். இரண்டையும் பெருந்தீயை ஒட்டிப் பூட்டிவைத்தோம். அதனால் முன்னிரவுக் காட்சி ஏறக்குறைய முழு இருட்டாக வந்தது. அதை அப்படியே விட்டேன். புகை மூட்டத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது என்பதுதான் உண்மை.

மனம் திரும்பத் திரும்ப வந்து நின்றது உலரும் காட்சியில்தான். ஓட்டும்போது சட்டிகள் தாமாகவே திரும்பின. வெளுத்த பக்கம் மேற்கிலிருந்து பரவி வரும். திடீரென்று சட்டி சுழன்று கருத்த பக்கம் மேற்கே வந்துவிடும். யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். நான்கைந்து படங்களில் மட்டும் ஒரு கை, ஒரு சேலை முந்தானை. பெரியவரின் மனைவி. அந்த இரண்டு நாளும் சமையலுக்கும் மாட்டுக்கும் நடுவில் வந்து வந்து ஒவ்வொரு சட்டியையும் கால் சுற்று திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காற்று ஓங்கியபோது ஈரச் சாக்கை மேற்குப் பக்கம் கட்டியதும் அவர்தான். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் இருந்திருப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கண் திறக்கிற கேமராவில் அரை நிமிட வேலை விழுவதற்கு வாய்ப்பு பத்தில் ஒன்று. இடைவெளியை நீட்ட நீட்ட, நின்று செய்கிற வேலை மட்டும் படத்தில் தங்கும்; வந்து வந்து போய்ச் செய்கிற வேலை சல்லடையில் விழுந்துவிடும். சக்கரத்தில் உட்கார்ந்திருந்தவர் படம் முழுக்க இருக்கிறார். கீறல் விழாமல் காத்தவர் எங்கும் இல்லை. டைம்லாப்ஸ் எடுக்கிற ஒவ்வொருவரும் இதைக் கணக்கில் வைக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். வயலை எடுத்தாலும் கட்டிடத்தை எடுத்தாலும் இதுதான் நடக்கும்.

அந்தக் கை தெரியும் படங்களில் ஒன்றை மூன்று நொடி நிறுத்தினோம். வரி என்ன என்பதில் சண்டை. நான் எழுதியது ‘காற்றடிக்கும் பக்கம் மாற்றி மாற்றித் திருப்பியவர் இவர்.’ பேத்தி ஒப்பவில்லை. “அப்பத்தா திருப்பி வைக்கிறாங்க. அதைச் சொன்னாப் போதும். எதுக்குன்னு படத்துலயே தெரியுதுல்ல?” தெரிந்தது. ‘திருப்பி வைப்பது அப்பத்தா’ என்று ஆயிற்று. படித்துக் காட்டியபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு, “சாக்குக் கட்டுனதைப் போடலியா?” என்று கேட்டார். சாக்கு கேமராவுக்குப் பக்கவாட்டில் இருந்தது, படத்தில் இல்லை. அதைச் சொன்னேன். “அது இல்லாட்டி மேற்க இருந்தது அத்தனையும் போயிருக்கும்” என்றார். அடுத்த முறை கேமராவை ஒரு முழம் பின்னால் தள்ளி, சாக்கும் தெரிய எடுப்பதாக ஒத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வரியைப் பெரியவர் வைத்திருந்தார். முளைப்பாரிச் சட்டிக்கு ஆட்கள் கடைசி நேரத்தில்தான் வருகிறார்கள் என்பது அவருடைய நீண்ட நாள் குறை. அவர் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். ஆடிப் பதினெட்டுக்கு முளை வேண்டும். அதற்குப் பத்து நாள் முன்னால் விதைக்க வேண்டும். ஆக, ஆடி எட்டில் சட்டி கையில் இருக்கணும். சூளை மூட ஒரு ராத்திரி, ஆற ஒரு பகல். அதற்கு முன் நிழலில் இரண்டு நாள், வெயிலில் ஒரு நாள். வனைந்து தட்ட, ஒரு சூளை நிறைகிற அளவுக்கு, ஒரு வாரம். மண் ஊற, சலித்த மணல் சேர்த்து மிதிக்க இன்னும் மூன்று நாள். எல்லாம் சேர்ந்தால் ஆனி இருபத்தைந்தைத் தாண்டி வருகிறவருக்குக் கொடுக்க வழியில்லை. படம் முழுவதும் நாங்கள் காட்டியிருந்தது இந்த நாட்களைத்தான். ‘ஆடிப் பதினெட்டுக்கு வேண்டுமென்றால் ஆனி பிறந்ததும் சொல்லுங்கள்’ என்பது கடைசி வரியாக, அடுக்கிய சட்டிகள் மேல் நிற்கிறது. மற்ற நான்கையும்விட நீளம். பேத்தி வாய்விட்டுப் படித்துப் பார்த்து நாலரை நொடி கேட்டாள், கொடுத்தேன்.

பெரியவருக்கு அதுவும் போதவில்லை. “மழை புடிச்சுக்கிட்டா இன்னும் நாலு நாள் ஆகும்னு சேத்துப் போடுங்க” என்றார். ஆறாவது வரிக்கு இடமில்லை என்று பேத்தி சொல்லிவிட்டாள். மழையை வேண்டுமானால் தொலைபேசியில் கேட்கிறவர்களிடம் தானே சொல்லிக்கொள்வதாக ஏற்றுக்கொண்டாள்.